சாம்பார் இரண்டு மடங்கானால் தண்ணீர் இரண்டு மடங்காகாது

கோணேசர் கோயிலுக்கு வந்த உறவினர்கள் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் தங்கிய நாளில், நால்வருக்கு வைக்கும் சாம்பாரை எட்டுப் பேருக்குப் பெருக்கினேன். பருப்பு, புளி, தூள், தண்ணீர் எல்லாவற்றையும் இரண்டு மடங்காகப் போட்டேன். இறக்கும்போது அது ரசம்போல ஓடியது.

பிழை தண்ணீரில்தான். என் சிறிய சட்டியின் வாய் 20 சென்டிமீட்டர். ஒரு லீட்டர் தண்ணீர் விட்டு மூடாமல் கொதிக்கவைத்தால் 300 மில்லிலீட்டர் ஆவியாகி, 700 மிஞ்சும். இரண்டு மடங்குக்கு 1,400 மிஞ்ச வேண்டும். ஆனால் அதே அடுப்பு, அதே தீ. தளதளவென்று கொதிக்கும்போது எவ்வளவு ஆவியாகும் என்பதை அடுப்பின் சூடுதான் தீர்மானிக்கிறது. பானையில் எவ்வளவு இருக்கிறது என்பதல்ல. ஆகவே அதே நேரத்தில் பெரிய பானையிலும் ஏறக்குறைய 300தான் வற்றும். இரண்டு லீட்டர் விட்டால் 1,700 மிஞ்சிவிடும்.

மெல்லிய தீயில், கொதி வராமல் ஆவி மட்டும் பறக்கும்போது, பானையின் வாயகலமும் கணக்கில் வரும். 26 சென்டிமீட்டர் பானையின் பரப்பு என் சட்டியினதைப் போல 1.7 மடங்கு, அப்போது 500 வரை வற்றலாம். அதுவும் 600 ஆகாது. அதனால் இப்போது 1,700 மில்லிலீட்டரில் தொடங்குகிறேன். கெட்டியானால் வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாம். தண்ணீர் கூடினால் எடுக்க வழியில்லை. வற்றியதை அறிய ஓர் ஈர்க்கை நிமிர்த்தி வைத்து நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய சட்டியில் 300 மில்லிலீட்டர் வற்றினால் மட்டம் ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்கும். பெரிய பானையில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான். கண்ணால் மட்டும் பார்த்தால் ஒன்றுமே வற்றவில்லை என்று தோன்றும்.

அந்தத் தோற்றத்தை நம்பி மேலும் கொதிக்கவிடுவது அடுத்த தவறு. அன்று நானும் அதைத்தான் செய்தேன். கத்தரிக்காய் தோல் மட்டும் மிதக்கக் கரைந்தது, முருங்கைக்காய் நாராய்ப் பிரிந்தது. நீர்த்துப்போனால் காய்களை அரித்தெடுத்து வைத்துவிட்டு வற்றவிடுங்கள், அல்லது மசித்த பருப்பைக் கூடுதலாகக் கலவுங்கள்.

இரண்டு மடங்கு தண்ணீர் கொதிநிலைக்கு வரத்தான் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். கொதித்த பின் கத்தரிக்காய்த் துண்டு வேகும் நேரம் எந்தப் பானையிலும் ஒன்றே. ஆகவே புளித்தண்ணீர் கொதித்த பிறகே கத்தரிக்காயைப் போடுங்கள். ஆறிய நீரில் போட்டால், சூடேறும் நீண்ட நேரத்திலேயே பாதி வெந்துவிடும். பருப்பைத் தனியாகக் குழைய வேகவைத்துச் சேர்க்க வேண்டும், ஏனெனில் புளிப்பில் பருப்பு எளிதில் மசியாது. பெரிய பானை சூட்டை நெடுநேரம் வைத்திருக்கும் என்பதால், காய் சற்று உறுதியாக இருக்கும்போதே அடுப்பை அணைக்கிறேன். அரை மணி நேரத்தில் அது பதமாகிவிடுகிறது, சாம்பாரும் தானாகவே கொஞ்சம் இறுகுகிறது.