கடை முதலாளி தாமே நிற்க வேண்டிய நேரம்: கணக்கில் நேரும் தவறுகள்

காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை, வாரத்தின் ஏழு நாளும் திறந்திருக்கும் ஒரு சிறு பேக்கரியை எடுத்துக்கொள்வோம். கடை வாரத்துக்கு 105 மணி நேரம் திறந்திருக்கிறது. இரண்டு பணியாளர்கள் நாளுக்கு 8 மணி வீதம் ஆறு நாள் வேலை செய்தால் 96 மணி ஆகிறது. மீதமுள்ள 9 மணி நேரம் மட்டும் தாம் நின்றால் போதும் என்று முதலாளி முடிவு செய்துவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு.

கடை திறந்திருக்கும் நேரம் வேறு, தேவைப்படும் ஆள் நேரம் வேறு. மாலை 5 முதல் 9 வரை கல்லாவில் ஒருவரும் சரக்கு எடுத்துக் கொடுக்க ஒருவரும் வேண்டுமென்றால், தேவை நாளுக்கு 19 மணி, வாரத்துக்கு 133 மணி. அதிலிருந்து 96ஐக் கழித்து 37 என்று நிறுத்துவதும் தவறுதான், ஏனெனில் மதியம் இருவர் சேர்ந்து நிற்கும் மிகை நேரத்தைக் கொண்டு மாலைக் குறையை நிரப்ப முடியாது. ஆகவே ஒவ்வொரு மணிக்கும் தேவை எத்தனை பேர், இருப்பவர் எத்தனை பேர் என்று தனித்தனியே எழுதி, குறையை மட்டும் கூட்ட வேண்டும். எக்செல்லில் தேவை B2 கட்டத்திலும் இருப்பு C2 கட்டத்திலும் இருந்தால், சூத்திரம் இது:

```
=MAX(0,B2-C2)
```

இடைவேளையை மறப்பது அடுத்த தவறு. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். முதல் பணியாளர் 7–11, 12–4 என்றும், இரண்டாமவர் 1–5, 6–10 என்றும் வந்தால், காலை 11 முதல் 12 வரை கடையில் யாரும் இல்லை. கூட்டம் தொடங்கும் 5 முதல் 6 வரையும் யாரும் இல்லை. இருவரும் வரும் ஐந்து நாட்களில் நாளுக்கு 6 மணி, ஒருவருடைய வார விடுமுறை வரும் மற்ற இரண்டு நாட்களில் தலா 11 மணி என்று வாரக் குறை 52 மணி ஆகிறது.

அந்த 52 மணியையும் முதலாளி ஒருவரே ஈடுகட்ட இயலாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாலை 5 முதல் 6 வரை இருவர் தேவைப்படும்போது அவர் ஒருவராகத்தான் நிற்க முடியும். இப்படி ஒரே நேரத்தில் இரண்டு இடம் காலியாகும் நேரம் வாரத்துக்கு 10 மணி. முதல் பணியாளரின் நேரத்தை 9–1, 2–6 என்று மாற்றினால், இருவரும் வரும் நாட்களில் குறை அதே 6 மணியாக இருந்தாலும் எந்த நேரத்திலும் ஓர் ஆளுக்கு மேல் குறையாது. அதற்கு ஈடாகக் காலை 7 முதல் 9 வரை முதலாளியே கடையில் இருக்க வேண்டும். இரண்டாமவரின் விடுமுறை நாளில் மாலை 6 முதல் 9 வரையும், முதல் பணியாளரின் விடுமுறை நாளில் மாலை 5 முதல் 6 வரையும் மட்டும் முதலாளியோடு நிற்க இன்னொருவர் வேண்டும். அந்த நான்கு மணி நேரத்துக்குத் தனியாக ஆள் பார்ப்பதே முறை.

கடை திறக்கும் முன் சரக்கு இறக்குவதும், அடைத்தபின் கல்லாக் கணக்கு முடிப்பதும் இந்த அட்டவணையில் சேரவில்லை. அவற்றுக்கான நேரத்தை இதன்மேல் கூட்டிக்கொள்ள வேண்டும்.