டேப்லெட்டில் எழுதிய கையெழுத்துக் குறிப்பு எல்லாக் கருவிகளிலும் தேடலில் கிடைக்க: ஒன்நோட் செய்முறை

டேப்லெட்டில் எழுதிய பக்கம் கணினியில் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதிலுள்ள ஒரு சொல்லைத் தேடினால் எதுவும் அகப்படுவதில்லை. புதியவர்கள் பலர் இதை ஒத்திசைவுக் கோளாறு என்று எண்ணிச் செயலியை நீக்கி மீண்டும் நிறுவுகிறார்கள். உண்மையில் இங்கே நடப்பவை இரண்டு தனி வேலைகள். பேனாக் கோடுகளை மேகக்கணிக்கும் பிற கருவிகளுக்கும் கொண்டுசேர்ப்பது ஒன்று. அந்தக் கோடுகளை எழுத்தாகப் படித்தறிவது மற்றொன்று. முதல் வேலை முடிந்த பிறகும் இரண்டாவது நடக்காமல் போகலாம் என்பதால், இரண்டையும் தனித்தனியே சோதிக்கும் வகையில் இந்தச் செய்முறையை, மைக்ரோசாஃப்டின் குறிப்பெடுக்கும் செயலியான ஒன்நோட்டைக் கொண்டு விளக்குகிறேன்.

முதலில், டேப்லெட், கைபேசி, கணினி ஆகிய மூன்றிலும் ஒரே மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழையுங்கள். அற்பமாகத் தோன்றும் இந்த இடத்தில்தான் நான் ஒரு வாரத்தைத் தொலைத்தேன்: டேப்லெட்டில் அலுவலகக் கணக்கும் மடிக்கணினியில் சொந்தக் கணக்கும் இருந்தன, குறிப்பேடுகள் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருந்ததால் வேறுபாடு கண்ணில் படவேயில்லை. ஆகவே குறிப்பேட்டுக்குத் தெளிவான, தனித்த பெயர் ஒன்றைச் சூட்டி, அதை மைக்ரோசாஃப்டின் மேகக்கணிச் சேமிப்பகமான ஒன்டிரைவில் உருவாக்குங்கள்.

அடுத்து, டேப்லெட்டில் ஒரு சோதனைப் பக்கத்தைத் திறந்து, தலைப்பை மட்டும் விசைப்பலகையால் "புத்தக அலமாரி அளவுகள்" என்று தட்டச்சு செய்யுங்கள். பிறகு Draw பகுதிக்குச் சென்று, பேனாவால் அலமாரியின் படத்தை வரைந்து, அதன் பக்கத்தில் plywood என்றும், அதற்குக் கீழே "மேல் தட்டு" என்றும் கையால் எழுதுங்கள். படத்தின் கோட்டைத் தொடாமல், சற்று இடைவெளி விட்டு எழுதுவது நல்லது. கோட்டோடு ஒட்டிய சொல், படத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டுவிடக்கூடும்.

இப்போது கணினியின் உலாவியில் ஒன்நோட்டைத் திறந்து அதே பக்கத்தைப் பாருங்கள். உலாவி காட்டுவது மேகக்கணியிலுள்ள பிரதி என்பதால், கோடுகள் அங்கே தெரிந்தால் டேப்லெட் தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். தெரியாவிட்டால் டேப்லெட்டில் இணைய இணைப்பையும் கணக்கையும் சரிபார்த்து, செயலியைச் சிறிது நேரம் திறந்தே வைத்திருங்கள்; எழுதி முடித்தவுடன் திரையை அணைத்துவிடுவது, பதிவேற்றம் பாதியில் நிற்பதற்கு வழக்கமான காரணம்.

கோடுகள் வந்து சேர்ந்த பிறகே தேடலைச் சோதிக்க வேண்டும். விண்டோஸ் கணினியிலுள்ள ஒன்நோட்டில் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து, Ctrl+E அழுத்தி plywood என்று தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால், லாசோ கருவியால் அந்தச் சொல்லைச் சுற்றி வளைத்துத் தெரிவுசெய்து, வலச்சொடுக்கில் வரும் Treat Selected Ink As என்பதன் கீழ் Handwriting என்பதைத் தேர்ந்தெடுங்கள். செயலி அந்தக் கோடுகளைப் படமாக எண்ணியிருந்தால் இத்துடன் சரியாகிவிடும். அதன் பிறகும் அகப்படாவிட்டால் கையெழுத்தைச் சற்று விரித்து, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் எழுதிப் பார்க்க வேண்டியதுதான்.

கையால் எழுதிய "மேல் தட்டு" தேடலில் கிடைக்கும் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தமிழில் எழுதுவோர் இந்த வரம்பை ஏற்றுக்கொண்டு தொடங்குவதே நல்லது. வரைபடத்துக்கோ, படிப்பதற்குச் சொல்லே கிடையாது. இரண்டுக்கும் நான் கைக்கொள்ளும் தீர்வு ஒன்றே: பக்கத்தின் அடியில் "அலமாரி, மேல் தட்டு, மர அளவு" என மூன்று நான்கு சொற்களைத் தட்டச்சு செய்துவிடுவேன். தட்டச்சு செய்த எழுத்துக்குப் படித்தறியும் வேலையே தேவையில்லை என்பதால், கைபேசியில் தேடினாலும் அந்தப் பக்கம் வந்துவிடுகிறது. கையெழுத்து முழுவதையும் Ink to Text கொண்டு மாற்றிவிடலாமே என்று தோன்றும். ஆனால் அது மூலக் கோடுகளின் இடத்தில் தட்டச்சு எழுத்தை வைத்துவிடுவதால், படத்துக்குள் எழுதிய அளவுகளில் அதைக் கையாள நான் துணிவதில்லை.

ஒரே பக்கத்தை இணையம் இல்லாத நிலையில் இரண்டு கருவிகளில் திருத்தினால், ஒன்நோட் இரண்டையும் ஒன்றிணைக்க முயலும். இயலாதபோது முரண்பட்ட வடிவத்தைத் தனிப் பக்கமாக வைத்து எச்சரிக்கை காட்டும். அப்போது எதையும் அவசரப்பட்டு அழிக்காமல், விடுபட்ட கோடுகளை லாசோவால் எடுத்து முதன்மைப் பக்கத்தில் ஒட்டி, Shift+F9 அழுத்தி ஒத்திசைத்து, உலாவியில் அவை வந்திருப்பதைப் பார்த்த பிறகே அந்தத் தனிப் பக்கத்தை நீக்குங்கள்.