கபிலர் சாயலில் ஒரு படக்குறிப்பு

மலைப் பயணப் படத்துக்கு எழுதத் தெரிந்த நண்பரிடம் குறிப்பு கேட்கும்போது “கபிலர் மாதிரி எழுதிக் கொடு” என்று மட்டும் சொல்லாதீர்கள். சிறு கொம்பில் பெரிய பலாப்பழம் தொங்கும் குறுந்தொகை 18-ஆம் பாடலின் உவமையே சொல் மாறித் திரும்பி வரும். உவமையை எடுப்பதும் வரியை எடுப்பதுதான்.

அவர் பாட்டில் நமக்குப் பிடித்தது என்ன என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். குறிஞ்சிப் பாடல்களில் மலைக்காட்சி முன்னால் நிற்கும்; மனம் அதற்குள் மறைந்திருக்கும். இதையே கேட்கலாம்:

“மூடுபனியில் நானும் கணவரும் ஒரே குடையில் நிற்கும் படம். மூன்று வரி போதும். கண்ணில் படும் பொருள் மட்டும் வரட்டும். அன்பு, காதல், நினைவு என்ற சொற்கள் வேண்டாம். பலா, தேன், அருவி மூன்றையும் தவிர்த்துவிடு.”

இப்படிக் கேட்டால் வரக்கூடியது:

மூடுபனி விலகவில்லை.
கையில் இரண்டு குடைகள்,
ஒன்றுதான் விரிந்திருக்கிறது.

நெருக்கத்தை அந்த விரியாத குடையே சொல்லிவிடுகிறது. எனக்கு இதுதான் கபிலர் சாயல். பழஞ்சொற்களை அள்ளித் தூவுவது அல்ல.

வெளியிடும் முன், அடுத்தடுத்து வரும் நான்கு சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டு இணையத்தில் தேடுங்கள். உரைநூல் வரி நழுவி வந்திருந்தால் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். குறிப்பின் கீழே கபிலர் பெயரைப் போடாதீர்கள். அவர் எழுதாத வரி அவர் பெயரில் பரவிவிடும்.