பணம் வந்ததைச் சொல்லும் ஒலி: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூட்டுறவு வங்கி ஒன்று தன் பணப்பரிமாற்றச் செயலிக்கு அடையாள ஒலி தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கி உணர்த்த விரும்புவது நிதானமும் நம்பகமும் என்பதால், ஒலி வடிவமைப்பாளர் 130 ஹெர்ட்ஸ் அளவில் ஆழ்ந்து முழங்கும் மணியோசை ஒன்றை உருவாக்குகிறார். பெரிய ஒலிபெருக்கிகள் உள்ள கூட்ட அறையில் அதைக் கேட்ட இயக்குநர்கள் மகிழ்ந்து ஒப்புதல் தருகிறார்கள். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைப் பெரும்பாலும் வெளிப்படுத்தாது. எனவே காய்கறிக் கடையில் அந்த முழக்கம் மறைந்து, மணியைத் தட்டும்போது எழும் 'டிக்' மட்டுமே கேட்கும். நிதானத்தைச் சொல்ல வேண்டிய ஒலி, ஏதோ பொத்தான் அழுந்திய சத்தமாகிவிடும்.

இதற்காக அந்த மணியையே கைவிட வேண்டியதில்லை. 260, 390, 520 ஹெர்ட்ஸ் என்று அதன் மடங்குகளாக மேலே அமையும் இசைக்கூறுகளை வலுவாக்கினால், அடிச்சுரம் ஒலிக்காவிட்டாலும் அது இருப்பதாகவே காது உணரும். ஆயினும் மெட்டின் முக்கியச் சுரங்களை 500 முதல் 1000 ஹெர்ட்ஸுக்குள் வைப்பதே பாதுகாப்பானது என்பேன். ஒப்புதலுக்கு முன் சாதாரண விலைக் கைப்பேசி ஒன்றில், பாதி ஒலியளவில், பேருந்து செல்லும் சாலையோரத்தில் அதைக் கேட்டுப் பார்ப்பது அவசியம்.

அடுத்த தவறு, விளம்பரத்துக்கு உருவான ஒலியை அப்படியே அறிவிப்புக்கும் பயன்படுத்துவது. 1994-இல் இசையமைப்பாளர் வால்டர் வெர்சோவா கணினிச் சில்லு நிறுவனமான இன்டெலுக்கு அமைத்த ஐந்து சுர ஒலி ஏறத்தாழ 3 நொடி நீள்கிறது. விளம்பரத்தின் முடிவில் அது பொருந்தும். கடைக்காரரோ வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கும்போது அதை நாள் முழுவதும் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே வங்கியின் மூல மெட்டிலிருந்து இரண்டு சுரங்களை மட்டும் எடுத்து, ஒரு நொடிக்குள் முடியுமாறும், மெல்லத் தொடங்கி வளராமல் உடனே தெளிவாக எழுமாறும் அமைக்கலாம். சட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏறும் இரண்டு சுரங்கள், பணம் வந்து சேர்ந்த செய்திக்கு இயல்பாகப் பொருந்தும்.

பரிமாற்றம் தோல்வியடையும்போதும் அதே ஒலியைச் சற்று மாற்றி எழுப்புவது மூன்றாவது தவறு. இரைச்சலில் இரண்டையும் பிரித்தறிய முடியாமல் பணம் வராமலே பொருள் கைமாறினால், அந்த நட்டம் வங்கியின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அடையாள ஒலி வெற்றிக்கு மட்டும் உரியதாகவும், அதுவும் வங்கிக் கணினி உறுதிசெய்த பிறகே எழுவதாகவும் இருக்கட்டும். தோல்விக்குத் தாளமும் சுரமும் முற்றிலும் வேறுபட்ட ஒலி தேவை.

ஒலி நூலகங்களில் விலைக்குக் கிடைக்கும் ஆயத்த ஒலியை வாங்கினால், வேறொரு செயலியும் அதையே உரிமத்துடன் பயன்படுத்த முடியும். சொந்தமாக உருவாக்கிய ஒலியை இந்தியாவில் வணிகக்குறியாகப் பதிவுசெய்ய, 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி 30 நொடிக்கு மிகாத எம்பி3 பதிவையும் அதன் சுரக் குறியீட்டையும் அளிக்க வேண்டும்.