ஈ-மதிப்பு 3.41 என்று எழுதுவதற்கு முன்

டர்பனில் எங்கள் வீடுகளில் சர்க்கரை வியாதி இல்லாத குடும்பம் அபூர்வம். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நீரிழிவைப் பற்றி ஆய்வு செய்யும் பிள்ளைகளின் வரைவுகள் என் மேஜைக்கு வரும்போது, அதில் வருவது என் சொந்தக்காரர்களின் கதைதான் என்ற நினைப்போடுதான் படிப்பேன். அந்த வரைவுகளில் கடைசிப் பத்தியில் இப்போதெல்லாம் தவறாமல் ஒரு வரி இருக்கிறது: "ஈ-மதிப்பு இவ்வளவு, ஆகவே எங்கள் முடிவு உறுதியானது." அந்த வரி எங்கெங்கே பிசகுகிறது என்பதை ஒரே உதாரணத்தை வைத்துச் சொல்கிறேன். எண்கள் கணக்கு விளங்குவதற்காக நானே வைத்தவை.

சர்க்கரை நோயாளிகளை ஓராண்டு பின்தொடர்கிறோம். மாலையில் தவறாமல் நடப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஆண்டு முடிவில் சர்க்கரை கட்டுக்குள் இல்லை. நடக்காதவர்களில் இரண்டில் ஒருவருக்கு. வயது, பாலினம், புகைப்பழக்கம், படிப்பு எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு ஆட்ஸ் விகிதம் 2.0, 95 சதவீத நம்பக இடைவெளி 1.32 முதல் 3.03 வரை. நடக்கச் சொல்லி யாரையும் நாம் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. அதனால் நாம் அளக்காத ஏதோ ஒன்று, நடையோடும் சர்க்கரையோடும் சேர்ந்து ஓடி, இந்த வித்தியாசத்தை உண்டாக்கியிருக்கலாம். அப்படிப்பட்ட குழப்பக் காரணி எவ்வளவு வலுவாக இருந்தால் இந்த முடிவை முழுவதும் கரைத்துவிட முடியும்? டைலர் வாண்டர்வீலும் பெங் டிங்கும் 2017-இல் முன்வைத்த ஈ-மதிப்பு இந்தக் கேள்விக்கான விடை. சூத்திரம் ஒரே வரி:

```
E = RR + sqrt(RR * (RR - 1))
```

பெரும்பாலானோர் முதலில் வழுக்குவது இங்கேதான். கையில் இருக்கும் 2.0-வை அப்படியே உள்ளே போட்டால் 3.41 வரும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் சூத்திரம் RR என்று கேட்பது அபாய விகிதத்தை, அதாவது இரு பிரிவினரின் பங்குகளை நேராக வகுத்து வருவதை. நம்மிடம் இருப்பது ஆட்ஸ் விகிதம்: ஒவ்வொரு பிரிவிலும் கட்டுக்குள் இல்லாதவர்களைக் கட்டுக்குள் இருப்பவர்களால் வகுத்து, பிறகு அந்த இரண்டையும் ஒப்பிடுவது. அரிதான நோய் என்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, கவலை இல்லை. இங்கே விளைவு அரிதல்ல. பாதிப் பேருக்கும் மூன்றில் ஒருவருக்கும் நடக்கிற விஷயம். அரையை மூன்றில் ஒன்றால் வகுத்துப் பாருங்கள்: அபாய விகிதம் வெறும் 1.5. ஆட்ஸ் விகிதம்தான் 2 என்று ஊதிக் காட்டுகிறது. விளைவு சுமார் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆட்ஸ் விகிதத்தின் வர்க்கமூலத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்: 2-இன் வர்க்கமூலம் 1.41, உண்மையான 1.5-க்குப் பக்கத்தில். அதைச் சூத்திரத்தில் போட்டால் ஈ-மதிப்பு 2.18. ஆர் மென்பொருளில் இதைச் சொல்ல வேண்டிய இடம் கடைசிச் சொல்தான்:

```
library(EValue)
evalues.OR(2.0, lo = 1.32, hi = 3.03, rare = FALSE)
```

`rare = TRUE` என்று கொடுத்தால் மென்பொருள் நம்மைத் தடுக்காது, 3.41-ஐ அழகாக அச்சிட்டுத் தரும்.

அடுத்தது, நடு மதிப்புக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டு நிறுத்துவது. நம்பக இடைவெளியில் 1-க்கு அருகில் இருக்கும் எல்லைக்கும் ஈ-மதிப்பு போட வேண்டும். 1.32-இன் வர்க்கமூலம் 1.149, அதற்கு 1.56. இடைவெளிக்குள்ளேயே 1 அடங்கியிருந்தால் எல்லையின் ஈ-மதிப்பு 1. அதாவது கரைக்க எந்தக் காரணியும் தேவையில்லை. 3.41 என்று தொடங்கியது 2.18 ஆகி 1.56-இல் வந்து நிற்கிறது. இரண்டு எண்களையும் எழுதுங்கள். ஒன்றைத்தான் எழுத முடியும் என்றால் 1.56-ஐ எழுதச் சொல்வேன்.

இனி நான் அதிகம் வாதாடுகிற இடம். 1.56 பெரியதா சிறியதா என்று கேட்கிறார்கள். எந்தக் காரணி என்று பார்க்காமல் அதற்குப் பதிலே கிடையாது. நம் உதாரணத்தில் அளக்காமல் விட்டது என்ன? எனக்கு முதலில் தோன்றுவது மெடிக்கல் எய்ட், அதாவது தனியார் மருத்துவக் காப்பீடு. அது இருப்பவர் தனியார் மருத்துவரிடம் போகிறார், மருந்து தவறுவதில்லை, வேலை முடிந்து வந்து நடக்க நேரமும் இருக்கிறது. இல்லாதவர் அரசுக் கிளினிக்கில் விடியற்காலையிலிருந்து வரிசையில் நிற்கிறார். நடக்காதவர்களில் 54 சதவீதத்தினருக்கும் நடப்பவர்களில் 30 சதவீதத்தினருக்கும் மெடிக்கல் எய்ட் இல்லை என்று வையுங்கள், விகிதம் 1.8. அது இல்லாதது சர்க்கரை கட்டுமீறும் அபாயத்தை 1.5 மடங்காக்குகிறது என்றும் வையுங்கள். இந்த 1.5, படிப்பையும் மற்றவற்றையும் சரிசெய்த பிறகு மிஞ்சுவதாக இருக்க வேண்டும். இதை மறந்து மொத்த வித்தியாசத்தையும் ஒப்பிடுவது இன்னொரு வழக்கமான பிழை.

இரண்டையும் பெருக்கி, இரண்டின் கூட்டலில் ஒன்று குறைத்து வகுத்தால் 2.7-ஐ 2.3-ஆல் வகுக்கிறோம்: 1.17. இந்த மெடிக்கல் எய்ட் உண்டாக்கக்கூடிய அதிகபட்சச் சாய்வு அது, அதாவது நம் விகிதத்தை அது அதிகபட்சம் இத்தனை மடங்கு ஊதிக் காட்டியிருக்கலாம். கீழ் எல்லை 1.149-ஐ 1.17-ஆல் வகுத்தால் 1-க்குச் சற்றுக் கீழே போய்விடுகிறது. கவனியுங்கள், இங்கே 1.5 என்பது 1.56-ஐவிடக் குறைவு. "1.56-ஐத் தொடாத காரணி எதுவும் நம்மை ஒன்றும் செய்யாது" என்று நினைப்பவர் இங்கே ஏமாறுவார். இரண்டு தொடர்புகளும் சமமாக இருக்கும்போது தேவைப்படும் வலுதான் ஈ-மதிப்பு. ஒன்று குறைந்தால் மற்றது ஏறி ஈடுகட்டலாம், 1.3-உடன் 2.3 சேர்ந்தாலும் இதே வேலை நடக்கும். ஆனால் ஏதேனும் ஒன்று 1.149-க்கும் கீழே இருந்தால், மற்றது எவ்வளவு உயர்ந்தாலும் எல்லையைக் கரைக்க முடியாது.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. "ஆகவே மெடிக்கல் எய்ட்தான் காரணம், நடையால் பலனில்லை" என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். 1.17 என்பது மோசமான நிலைக்கான கணக்கு. 54, 30 என்ற சதவீதங்களையே வைத்து நேராகக் கணக்கிட்டால் உண்மைச் சாய்வு 1.10-தான், கீழ் எல்லை 1.04-இல் நிற்கும். கரைக்கக்கூடும் என்பது வேறு, கரைத்துவிட்டது என்பது வேறு. அதனால் பெயர் சொல்லாத ஈ-மதிப்பைவிட, "அளக்காத காரணிகளில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது மெடிக்கல் எய்ட், அது இந்த அளவுக்கு இருந்தால் நடு மதிப்பு நிலைக்கும், இடைவெளி 1-ஐத் தொடக்கூடும்" என்ற ஒரு வாக்கியம் எனக்குப் பெரிது.

புகையிலை விவாதத்தில் 1959-இல் கார்ன்ஃபீல்டும் உடனிருந்தவர்களும் செய்தது இதன் முன்னோடி வேலை. புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் 9 மடங்கு என்றால், அதை முழுவதும் விளக்கப் பார்க்கும் காரணி புகைப்பவர்களிடம் குறைந்தது 9 மடங்கு அதிகமாக இருக்க வேண்டும் என்றார்கள். அப்படி ஒன்றை யாராலும் காட்ட முடியவில்லை. நம் 1.41-க்கு அந்தத் தைரியம் கிடையாது.

கடைசியாக, ஈ-மதிப்பு பேசுவது அளக்காத குழப்பக் காரணியைப் பற்றி மட்டும்தான். கிளினிக்கில் ஒரு அம்மாவிடம் நர்ஸ் கேட்கிறார்: "தினம் நடக்குறீங்களாம்மா?" "ஆமாம்மா, தவறாம நடக்குறேன்." பின்னால் நிற்கும் மகள் மெல்லத் தலையை ஆட்டி இல்லை என்கிறாள். படிவத்தில் 'ஆம்' என்று விழுகிறது. இது அளவீட்டுப் பிழை. நடையையும் சர்க்கரையையும் ஒரே நாளில் கேட்டிருந்தால் இன்னும் சிக்கல்: சர்க்கரை ஏறி, பாதம் மரத்து, அதனால்தான் அவர் நடையை விட்டாரோ என்னவோ. இந்த இரண்டில் எதையும் 1.56 அளக்கவில்லை. இரண்டாவது சிக்கலைத் தவிர்க்க நடையை ஆய்வின் தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டும், அன்றே அவர் பாதத்தையும் சோதித்துக் குறித்திருக்க வேண்டும்.