ஊருணி வெட்டு நிற்பதும் சரிவதும்: ஷியர் வலிமையில் நேரும் தவறுகள்

செட்டிநாட்டுப் பக்கம் கோடையில் ஊருணியை ஆழப்படுத்தும்போது, களிமண்ணில் பொக்லைன் வெட்டிய பக்கம் 4 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும். அப்படியே விட்டால் ஐப்பசி, கார்த்திகையில் சரியும். மழைதான் காரணம் என்பார்கள். பெரும்பாலும், வெட்டிய அன்றைக்கு மட்டும் பொருந்தும் ஷியர் வலிமையை, அதாவது மண் வழுக்கிச் சரியாமல் தாங்கும் திறனை, வைத்துக் கணக்குப் போட்டதுதான் காரணம்.

களிமண்ணில் நீர் மெதுவாகவே நகரும். வெட்டும்போது பாரம் குறைகிறது. மண் விரியப் பார்க்கிறது. உள்ளே நீர் வந்து சேர நேரமில்லை. அதனால் மண்துளைகளில் நீரழுத்தம் இறங்கி, துகள்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கின்றன. இதுதான் வடியாத நிலை வலிமை. வாரங்கள், மாதங்கள் போகப் போக மண் நீரை உறிஞ்சி ஊதும், பிடி தளரும். கடைசியில் மிஞ்சுவது வடிந்த நிலை வலிமை.

ஒரு மாதிரிக் கணக்கு. அமுக்கச் சோதனை 60 கிலோபாஸ்கல் காட்டுகிறது. அதையே கோஹெஷனாக, அதாவது மண் ஒட்டிப் பிடிக்கும் வலிமையாக, போடுவது முதல் தவறு. பாதிதான், அதாவது 30. மண் எடை கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன் என்றால், தாங்கும் செங்குத்து உயரம் 4 × 30 ÷ 18 = 6.7 மீட்டர். 4 மீட்டர் வெட்டுக்குப் பயமில்லை என்று தோன்றும். அதே மண்ணின் வடிந்த நிலை மதிப்புகள் கோஹெஷன் 5 கிலோபாஸ்கல், துகள்களின் உராய்வைக் காட்டும் உராய்வுக் கோணம் 25 டிகிரி என்றால், அந்தக் கோணத்துக்கான பெருக்கெண் 1.57 சேர்த்து உயரம் 4 × 5 × 1.57 ÷ 18, சுமார் 1.7 மீட்டர்தான். அதுவும் விரிசலும் ஊற்று நீரும் இல்லாத கணக்கு. ஆகவே நிரந்தர வெட்டுக்கு வடிந்த நிலை மதிப்புகளையும் மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்தையும் வைத்தே சாய்வு முடிவாக வேண்டும். சில நாளில் மூடிவிடும் குழிக்கு வடியாத நிலை போதும். சித்திரையில் எடுத்த காய்ந்த மாதிரியை மட்டும் நம்பக் கூடாது. ஈரமானால் அந்த வலிமை இருக்காது.

கண்மாய்க் கரையை மெத்தென்ற களியின் மேல் உயர்த்தினால் எல்லாம் தலைகீழ். பாரம் ஏற ஏற நீரழுத்தமும் ஏறும். கரை போட்டு முடித்த நாள்தான் ஆபத்து, பிறகு நீர் வடிந்து மண் இறுகும். அங்கே வடிந்த நிலைக் கோணத்தை வைத்து ஒரே மூச்சில் உயர்த்துவதுதான் தவறு. வடியாத வலிமை 15 கிலோபாஸ்கல் என்றால் அடிமண் தாங்குவது 5.14 × 15, ஏறக்குறைய 77 கிலோபாஸ்கல். 4 மீட்டர் கரையே 4 × 18 = 72 கொடுக்கும். பாதி உயர்த்தி, மண் இறுகக் காத்திருந்து, வலிமையை மறுபடி அளந்த பிறகே மேலே ஏற்ற வேண்டும்.

செம்மண் கலந்த மணலும் சரளையும் வேலை நடக்கும்போதே நீரை விட்டுவிடும். சாதாரணப் பாரத்துக்கு அங்கே வடிந்த நிலை மட்டும் போதும்.

ஆய்வகத்திலும் பிழை நுழைகிறது. மண் மாதிரியின் மேல்பாதியைக் கீழ்ப்பாதி மேல் நகர்த்தி அறுக்கும் டைரக்ட் ஷியர் பெட்டியில் களிமண்ணை வேகமாக நகர்த்தினால் வரும் எண் இரண்டு நிலையிலும் சேராது. வடிந்த நிலை வேண்டுமென்றால் நீரழுத்தம் சேராத அளவுக்கு மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். இல்லையேல் இந்தியத் தரநிலை IS 2720 பகுதி 12 படி, மாதிரியைச் சுற்றிலும் அழுத்தி மேலிருந்து நசுக்கும் டிரையாக்சியல் சோதனையை நீரழுத்தம் அளந்து செய்யக் கேளுங்கள். வெட்டு விளிம்புக்கு இணையாக மேலே மயிரிழை விரிசல் தெரிந்தால், கீழே ஆளை இறக்காமல் உடனே மேல்மண்ணை எடுத்துச் சாய்வைக் குறையுங்கள்.