ஒரு பம்ப் நின்றது, 64 அலாரம் வந்தது: அலாரம் வெள்ளத்தை வடிப்பது எப்படி

ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஆலை வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று பழகியிருக்கும். விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டும். அரை விநாடிதான். வீட்டில் என்றால் மின்விசிறிகூட நிற்காது. ஆலையில் அந்த அரை விநாடிக்குள் மின்சாரத்தை இணைக்கும் காண்டாக்டர் சுவிட்சுகள் விழுந்து, ஓடிக்கொண்டிருந்த மோட்டார்களில் பாதி நின்றுவிடும்.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் பார்த்த ஓர் ஆலையில் (பெயர் வேண்டாம்) அப்படித்தான் ஒரு மத்தியானம் நடந்தது. மணிக்கு 20 டன் நீராவி தரும் பாய்லர். 2.41-க்கு வோல்டேஜ் இறங்கியது, தண்ணீர் ஏற்றும் பம்ப் P-101A நின்றது. ஸ்டாண்ட்பை பம்ப் P-101B தானாகக் கிளம்பியிருக்க வேண்டும், கிளம்பவில்லை. இரண்டரை நிமிடத்தில் பாய்லரின் தண்ணீர்த் தொட்டியான டிரம்மில் மட்டம் இறங்கி, பாதுகாப்பு இன்டர்லாக் பாய்லரை நிறுத்தியது. இன்டர்லாக் வேலை செய்ததால் டியூப்கள் தப்பின.

கன்ட்ரோல் ரூம் போர்டில் இருந்த அண்ணனிடம் அப்புறம் கேட்டேன்: "மட்டம் குறைவுன்னு அலாரம் வந்ததே, பார்க்கலையாண்ணே?" அவர் சொன்னது: "சத்தத்தை நிறுத்தத்தான் தம்பி கை போகுது. படிக்க எங்க நேரம்?" அவர் சொன்னது சரிதான். அந்தப் பத்து நிமிடத்தில் திரையில் வந்தவை 64 அலாரங்கள். மாட்டுத்தாவணியில் எல்லா நடத்துநரும் ஒரே நேரத்தில் ஊர்ப்பெயர் கூவினால் நம் ஊர்ப் பேருந்து எதுவென்று காதில் விழுமா?

இது எங்கள் ஆலையில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நடந்தது. அங்கும் தொடக்கம் மின்னல் தந்த மின் குழப்பம்தான். வெடிப்பதற்கு முந்தைய சுமார் 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன் 275 அலாரங்கள் வந்தன. அதற்குப் பிறகுதான் அலாரங்களை எப்படி அமைப்பது என்று சொல்லும் ஈமுவா 191 என்ற வழிகாட்டி 1999-லும், ஐஎஸ்ஏ 18.2 என்ற தரநிலை 2009-லும் வந்தன. கீழே சொல்லும் முறை அவற்றின் சாரம். எங்கள் அந்த 64 அலாரங்களையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: முதலில் எண்ணுங்கள்

ஆலையை இயக்கும் கணினி அமைப்பான டிசிஎஸ் அல்லது ஸ்காடாவின் அலாரம் பதிவை ஒரு மாதத்துக்கு சிஎஸ்வி கோப்பாக எடுங்கள். ஓர் ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்தில் பத்துக்கு மேல் அலாரம் வந்தால் அது வெள்ளம் என்று தரநிலை சொல்கிறது. சாதாரண நேரத்தில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நல்ல நிலை, இரண்டு என்றால் சமாளிக்கலாம்.

```python
import pandas as pd
d = pd.read_csv("alarms.csv")
d["Time"] = pd.to_datetime(d["Time"], dayfirst=True)
d = d[d["Event"] == "ALM"]
print(d["Tag"].value_counts().head(10))
n = d.set_index("Time").resample("10min").size()
print(n[n > 10])
```

`dayfirst=True` என்பதை விட்டுவிட்டால் 07/08 என்ற தேதி ஆகஸ்டா ஜூலையா என்று குழம்பி, கணக்கு தப்பாகும். `Event` நெடுவரிசையில் அலாரம் வந்தது, போனது, ஆபரேட்டர் ஒப்புக்கொண்டது மூன்றுமே இருக்கும். வந்ததை மட்டும் எண்ணுங்கள். உங்கள் சிஸ்டத்தில் அதன் பெயர் `ALM` என்று இல்லாமல் வேறாக இருக்கலாம். பைத்தான் வராதவர்கள் எக்செல் பிவட் டேபிளிலும் இதைச் செய்யலாம்.

படி 2: ஒரே ஒரு வெள்ளத்தைப் பிரித்துப் பாருங்கள்

மாதம் முழுவதையும் ஒரே மூச்சில் சரிசெய்யப் போகாதீர்கள். ஒரு சம்பவத்தை அச்செடுத்து, பேனாவால் வகை பிரியுங்கள். எங்கள் 64-ல் 23 தடவை வந்தது ஒரே டேக், அதாவது ஒரே கருவியின் பெயர்: அடுப்புக்குள் காற்று இழுபடும் ஃபர்னஸ் டிராஃப்ட் அழுத்தம். டிராஃப்ட் இயல்பாகவே ஆடும். அலாரம் எல்லையை அந்த ஆட்டத்துக்குள்ளேயே வைத்திருந்தார்கள், அதனால் வந்து வந்து போனது. ஒன்பது அலாரம் P-101A நின்றதையே ஒன்பது விதமாகச் சொன்னது: டிரிப், டிஸ்சார்ஜ் அழுத்தம் குறைவு, ஓட்டம் குறைவு, மோட்டார் கரன்ட் குறைவு என்று வரிசையாக. எரிபொருள் ஃபீடர் முதலான மற்ற மோட்டார்கள் 14. சிக்னல் போன கருவிகள் 6. மிச்சம் 12-ல், பட்டியலின் முப்பத்தோராவது வரியில், LAL-101 டிரம் மட்டம் குறைவு இருந்தது.

இந்த 64-ல் சேராத இன்னொன்றும் இருந்தது. "P-101B தயாராக இல்லை" என்ற அலாரம் பதினேழு நாட்களாகவே திரையில் நின்றுகொண்டிருந்தது. யாரோ பராமரிப்புக்காக செலக்டர் சுவிட்சை லோக்கலில் வைத்துவிட்டு மறந்திருந்தார்கள். ஒரு நாளுக்கு மேல் நிற்கும் அலாரத்தைக் கண் சுவரோடு சுவராகத்தான் பார்க்கும். என்னைக் கேட்டால் அன்றைய விபத்தின் வேர் இந்த ஒரு வரிதான்.

படி 3: உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள்

அலாரம் சீரமைப்பு, அதாவது ரேஷனலைசேஷன், என்பதன் உயிர் இந்தக் கூட்டம்தான். இன்ஸ்ட்ருமென்ட், எலக்ட்ரிக்கல், பாய்லர் பொறுப்பாளர் இருக்க வேண்டும். இரவு ஷிஃப்ட் பார்த்த போர்டு ஆபரேட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். அவர் இல்லாமல் நடத்தும் கூட்டம் வீண்.

ஒவ்வொரு அலாரத்துக்கும் கேட்க வேண்டியவை: இது வந்தால் ஆபரேட்டர் என்ன செய்ய வேண்டும்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? செய்ய எவ்வளவு நேரம் இருக்கிறது? முதல் கேள்விக்கு "கவனிக்க வேண்டும்", "தெரிந்திருக்கட்டும்" என்று பதில் வந்தால் அது அலாரமே இல்லை. பதிவில் இருக்கட்டும், மணி அடிக்க வேண்டாம். மோட்டார் கரன்ட் குறைவு அப்படித்தான் கழிந்தது.

பதில்களை ஒரு அட்டவணையில் எழுதி வையுங்கள். முன்னுரிமையும் இதிலிருந்துதான் வரும்: விளைவு பெரியது, நேரம் குறைவு என்றால் உச்சம். உச்சத்தில் ஐந்து சதவீதம், நடுவில் பதினைந்து, மீதி எண்பது கீழே என்பது பொதுவான அளவு. கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் கருவியை உச்சத்தில் வைக்கத்தான் பார்ப்பார்கள்.

படி 4: நேரத்தைக் கணக்குப் போட்டே எல்லையை வையுங்கள்

LAL-101-ஐ எடுத்துக்கொள்வோம். அலாரம் இயல்பு மட்டத்துக்குக் கீழே 75 மில்லிமீட்டரில், டிரிப் 150-ல் இருந்தது. டிரம் உள்விட்டம் 1.2 மீட்டர், நீளம் 6 மீட்டர். நடுமட்டத்தில் நீர்ப்பரப்பு ஏறக்குறைய 7.2 சதுர மீட்டர். 75 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 0.54 கன மீட்டர். 45 பார் அழுத்தத்தில் கொதிக்கும் நீர் கனமீட்டருக்கு 790 கிலோ அளவில்தான் இருக்கும், ஆக சுமார் 425 கிலோ. மணிக்கு 20 டன் என்பது விநாடிக்கு 5.6 கிலோ. எனவே அலாரத்துக்கும் டிரிப்புக்கும் இடையே இருப்பது 76 விநாடி. நீராவி இழுப்பு திடீரென்று குறைந்தால் குமிழ்கள் சுருங்கி மட்டம் இன்னும் வேகமாக இறங்கும்.

கவனித்து, வயர்லெஸ்ஸில் சொல்லி, கீழே இருப்பவர் பம்ப் வரை நடந்து சுவிட்சைத் திருப்ப எங்களுக்கு 90 விநாடி ஆனது. நடந்தே பார்த்தோம். அப்படியென்றால் பழைய அலாரம் வரும்போதே நேரம் போதாது. மட்டம் வழக்கமாக 30 மில்லிமீட்டர்தான் ஆடுகிறது என்பதால் அலாரத்தை 50-க்கு உயர்த்தினோம், 100 விநாடி கிடைத்தது. அதுவும் இழுபறிதான். ஆனால் பம்ப் நின்ற கணத்திலிருந்து எண்ணினால் 150 விநாடி இருக்கிறது. அதனால் "இரண்டு பம்பும் ஓடவில்லை" என்று ஒரு புது அலாரம் வைத்து, அதற்குத்தான் உச்ச முன்னுரிமை கொடுத்தோம்.

இங்கே ஒரு பொறி. ஓயாமல் வந்து போகும் அலாரத்தை அடக்க, வந்த பிறகு சில விநாடி பொறுத்து மணி அடிக்கச் சொல்லலாம். மட்டத்துக்கு 60 விநாடி, அழுத்தத்துக்கு 15 விநாடி என்று தொடக்க அளவுகள் வழிகாட்டிகளில் இருக்கும். பெரிய தொட்டிக்கு 60 சரி. இந்த டிரம்முக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் மிஞ்சும் நேரம் 40 விநாடி. நாங்கள் 3 விநாடி தாமதமும், 15 மில்லிமீட்டர் டெட்பேண்டும் வைத்தோம். அதாவது 50-ல் வந்த அலாரம் மட்டம் 35-க்கு ஏறினால்தான் போகும். டிராஃப்ட் அலாரத்துக்கு எல்லையைத் தள்ளி, 15 விநாடி பொறுக்கச் சொன்னதும் 23 என்பது 1 ஆனது.

படி 5: பின்தொடர்ந்து வருவதை லாஜிக்கில் அடக்குங்கள்

எல்லையை மாற்றுவது அன்றாட இரைச்சலைக் குறைக்கும். வெள்ளம் அதனால் மட்டும் வடியாது, ஏனென்றால் பம்ப் நின்றால் அழுத்தம் உண்மையாகவே குறைகிறது. பம்ப் நின்றிருக்கும்போது அதன் துணை அலாரங்கள் வரவே கூடாது:

```
SUP_A   = NOT RUN_A  OR  (RUN_A for < 20 s)
NO_FEED = NOT RUN_A AND NOT RUN_B  for 5 s
```

`RUN_A`, `RUN_B` என்பவை பம்ப் ஓடுகிறது என்ற சிக்னல்கள்; `NO_FEED` படி 4-ல் சொன்ன புது அலாரம். `SUP_A` உண்மையாக இருக்கும்வரை P-101A-இன் டிஸ்சார்ஜ் அழுத்தம், ஓட்ட அலாரங்கள் மௌனம். பம்ப் கிளம்பிய பிறகு அழுத்தம் ஏற 20 விநாடி தந்திருக்கிறோம். அழுத்தம் விழுவது `RUN_A` சிக்னல் போவதற்கு முந்திக்கொள்ளும், எனவே அந்தத் துணை அலாரங்களுக்கு 3 விநாடி தாமதமும் வேண்டும். இதை விட்டுவிட்டு, லாஜிக் வேலை செய்யவில்லை என்று ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

கப்ளிங் உடைந்து மோட்டார் மட்டும் சும்மா சுற்றினால்? `RUN_A` உண்மை, அடக்கம் இல்லை, அழுத்த அலாரம் வரும். அது சரி. `RUN_A` சிக்னல் கம்பி அறுந்தால் அழுத்த அலாரம் அடங்கும், ஆனால் பம்ப் டிரிப் அலாரம் திரையில் நிற்கும். ஒன்றை அடக்கினால் ஏன் அடங்கியது என்று சொல்ல இன்னொன்று திரையில் இருக்க வேண்டும். LAL-101-ஐ எந்த லாஜிக்கிலும் அடக்கக் கூடாது.

படி 6: பழைய பதிவில் ஓட்டிப் பாருங்கள்

மாற்றங்களை அதே 64 வரிகள் மேல் கையால் போட்டுப் பார்த்தோம். மிஞ்சியது 9. பத்துக்குக் கீழே, மயிரிழையில். பாய்லர் முழுக்க டிரிப் ஆன பிறகு வரும் வரிசையை இன்னும் அடக்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும்.

மாற்றம் ஒவ்வொன்றும் கையெழுத்தோடு மாற்றப் படிவத்தில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ ஒரு ராத்திரி ஷிஃப்ட்டில் எல்லை பழைய இடத்துக்கே போய்விடும்.

"P-101B தயாராக இல்லை" அலாரத்துக்கு முன்னுரிமை நடுத்தரம்தான். எதிரே எழுதிய செயல்: ஷிஃப்ட் முடியுமுன் செலக்டரை ஆட்டோவுக்குத் திருப்பு, முடியாவிட்டால் அடுத்த ஷிஃப்ட் வருபவரிடம் வாயால் சொல்லி நோட்டில் கையெழுத்து வாங்கு. முதல் வாரத்திலேயே அது இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் பத்து நிமிடத்துக்குள் போனது.